மாதம் முழுக்கச் சந்திராஷ்டமம்

என் அக்கா ஊருக்கே நாள் குறித்துக் கொடுக்கிறவள். ஜோசியக்காரி இல்லை, கல்யாண மண்டபத்தில் புக்கிங் கிளார்க். அதே மண்டபத்தில் மைக் செட் போடுகிறவன் நான். ஆகவே அவள் புத்திசாலித்தனத்தையும் முட்டாள்தனத்தையும் இருபது வருஷமாகப் பக்கத்திலிருந்தே பார்த்துவருகிறேன்.

அவள் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு தினசரி நாள்காட்டி, அதன் பக்கத்தில் ஒரு மாத நாள்காட்டி. மாத நாள்காட்டியில் கறுப்பு வட்டம் போட்ட தேதி அமாவாசை, வெறும் வட்டம் போட்டது பௌர்ணமி. கறுப்பு வட்டத்திலிருந்து வெறும் வட்டம் வரை வளர்பிறை. அந்தப் பதினைந்து நாளுக்குள் விழும் முகூர்த்தத் தேதிகளுக்குத்தான் மண்டபத்தில் அடிதடி. தேய்பிறை முகூர்த்தம் என்றால் பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள். ஒன்றுமே குறிக்காத தேதி என்றால் மண்டபத்தில் நானும் வாட்ச்மேனும் சீட்டாடுவோம்.

ஒருவர் வந்து, "ஞாயித்துக்கிழமை வேணும், வளர்பிறையா இருக்கணும், பொண்ணுக்கு உத்திரம், பையனுக்குக் கேட்டை" என்பார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

"பதினாலாம் தேதி. ஆனா மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை எமகண்டம். அதுக்கு முன்னாடி தாலி கட்டிடுங்க. உங்க வீட்டு ஆளுங்க சொன்ன நேரத்துக்கு வருவாங்களா?"

"வந்துருவாங்கம்மா."

"வர மாட்டாங்க. பத்தரைன்னு பத்திரிகைல போடுங்க."

இப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தொன்பது வயதுவரை கல்யாணம் ஆகவில்லை. அப்பா போனது, அம்மா படுத்தது, என்னைக் கரையேற்றியது என்று காரணங்கள் உண்டு. அதில் பாதிக்கு நான் பொறுப்பு. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை இல்லை.

மண்டபத்து எலக்ட்ரீஷியனை எல்லோரும் ஃபியூஸ் என்று கூப்பிடுவார்கள். மனைவியை இழந்தவர், ஐம்பத்திரண்டு வயது, கையில் எப்போதும் டெஸ்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, டியூப்லைட் மாட்ட ஏணிமேல் நின்றபடியே, "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று அக்காவைக் கேட்டுவிட்டார். அக்கா நேரே என்னிடம் வந்து, "வெள்ளிக்கிழமை ஏழரைலேர்ந்து ஒன்பது குளிகைடா. குளிகைல செஞ்ச காரியம் திரும்பத் திரும்ப நடக்குமாம். இந்த மனுஷன் இனி கேட்டுக்கிட்டேதான் இருப்பாரு" என்றாள். முகத்தில் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

சொன்னபடியே அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாள்தான் சரியில்லை என்பாள். ஒரு தடவை அஷ்டமி, ஒரு தடவை நவமி, ஒரு தடவை கரிநாள். ஃபியூஸுக்கு நாள்காட்டியில் சிவப்பு எழுத்தில் போட்ட லீவு நாள் மட்டும்தான் தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கரண்ட்டைத் தவிர எதையும் சந்தேகப்படத் தெரியாத மனுஷன்.

இந்த வருஷம் அவருக்கு வேறு ஊரில் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. இரண்டு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று, பதிமூன்று, பத்தொன்பது, இருபத்தாறு என்று அடுத்த மாதத்துத் தேதிகள் நாலை எழுதி அக்காவிடம் நீட்டினார்.

"இதுல ஒண்ணைச் சொல்லு. இல்லேன்னா நான் கிளம்பறேன்."

அக்கா காகிதத்தைப் பார்த்தாள். "உங்களுக்குப் பூச நட்சத்திரம். நாலு நாளும் சந்திராஷ்டமம். அன்னிக்கு நல்ல காரியம் ஆகாது" என்றாள்.

அவர் போய்விட்டார். மதியம் அக்கா சாப்பிடப் போன நேரத்தில் ஆபீசுக்குப் போனால், ஃபியூஸ் மூக்குக் கண்ணாடியோடு நாள்காட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தாள்களைக் கிழிக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துக்கொண்டிருந்தார். திதி, நட்சத்திரம், ராகு காலம், அதற்கும் கீழே அன்றைக்கு எந்த நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்று.

"தம்பி, மூணாம் தேதி சந்திராஷ்டமம் அசுவினிக்குன்னு போட்டிருக்கு. பதிமூணு பூரம். பத்தொன்பது அனுஷம். இருபத்தாறு சதயம். பூசம் எங்கய்யா?"

"பத்தாம் தேதில இருக்கும், பாருங்க."

இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா இது மாசம் முழுக்க வராதா?"

"மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டேகால் நாள்" என்றேன். உடன்பிறந்தவளைக் காட்டிக்கொடுத்தேன். இன்றுவரை வருத்தமில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். தூக்கிப் பிடித்த தாள்களைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"நாள் மேல ஏன் பழியைப் போடறே? என்னைப் பிடிக்கலேன்னு சொல்லியிருந்தா மூணு வருஷம் முன்னாடியே அடங்கியிருப்பேனே" என்றார் அவர். குரல் உயரவில்லை. அதைத்தான் கேட்க முடியவில்லை.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பிடிக்கலேன்னு யார் சொன்னா? இந்த மேஜைல உக்காந்து ஆயிரம் கல்யாணத்துக்கு மேல நாள் குறிச்சிருக்கேன். எல்லாம் அப்பழுக்கில்லாத நாள். ரெண்டு வருஷம் கழிச்சு அதுல கொஞ்சம் பேர் திரும்பி வராங்க. இங்கதான் கல்யாணம் நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க, வக்கீல் கேக்கறாருன்னு. எழுதிக் குடுக்கறதும் நான்தான். நல்ல நாளு ஒண்ணையும் காப்பாத்தாதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? அப்புறம் நான் எதை நம்பி மணைல வந்து உக்கார்றது?"

இருபது வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஃபியூஸ் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது. உனக்குப் பயம்னா எனக்கும் பயம்தான். ரெண்டு பேருமா பயந்துக்கலாம்."

அக்கா புக்கிங் நோட்டைத் திறந்தாள். அதில்தான் சிக்கலே. முகூர்த்த நாள் அத்தனையிலும் யாரோ ஒருவர் கல்யாணம். அன்றைக்கெல்லாம் அவளுக்கும் டியூட்டி, அவருக்கும் டியூட்டி, எனக்கும் டியூட்டி. மூன்று பேருக்கும் ஒழிந்த நாள், ஊரில் எவனும் தொடாத நாள்தான். பக்கத்தைப் புரட்டி ஒரு செவ்வாய்க்கிழமையில் விரலை வைத்தாள். தேய்பிறை அஷ்டமி.

"பதிவு ஆபீஸ் அன்னிக்குத் திறந்திருக்கும்" என்றாள்.

முன்கூட்டியே மனு கொடுத்து, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். அங்கே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சாப்பாட்டு நேரம் போய், எங்களைக் கூப்பிட்டபோது மணி மூன்று பத்து. செவ்வாயன்று மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அக்கா இவ்வளவு தூரம் வந்து எழுந்து போய்விடுவாளோ என்று எனக்கு உயிரே இல்லை.

எழுத்தருக்கு நல்ல மனசு. "ராகு காலம்மா. நாலரை வரைக்கும் வெளில உக்கார்றீங்களா? எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க" என்றார்.

அக்கா சுவரைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு நாள்காட்டி தொங்கியது. பிறகு ஃபியூஸைப் பார்த்தாள். அந்த மனுஷன் புதுச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொள்ள, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாம் சார்" என்றாள். "நாலரை வரைக்கும் உக்காந்தா நான் இன்னொரு காரணம் கண்டுபிடிச்சிருவேன். பேனாவைக் குடுங்க."


கையெழுத்துப் போடும்போது அவள் அழுதாள். நானும்தான் அழுதேன், சாட்சிக் கையெழுத்தில் பாதி அழிந்துபோய் மறுபடி போட வேண்டியிருந்தது.