எதுக்கும் ஒரு சம்மதம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ‘எதுக்கும்’. பழுது பார்த்து முடித்த லிஃப்டையும், “எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுவோம்” என்று மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருப்பார். காத்திருப்பவர்கள் அலுத்துப்போய்ப் படியேறிவிடுவார்கள்.

அவருக்கு ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. ஊரெல்லாம் கருவிப்பெட்டியைத் தூக்கி அலைய வேண்டாம். அதற்காகவே ஏங்கிக் கிடந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் மின்னஞ்சலில் சம்மதம் சொல்லாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்றது ஆஃபர் கடிதம்.

அன்று மதியம் ஒரு மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து கைபேசியில் பதில் எழுதினார். கடிதத்தில் சம்பளம் வருடக் கணக்கில் இருக்கிறதே, பிடித்தம் போக நேர்காணலில் சொன்ன மாதத் தொகை கைக்கு வருமா? இங்கே ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஒன்றாம் தேதிக்குப் பதில் பதினாறாம் தேதி சேரலாமா? ரிலீவிங் லெட்டர் கடைசி நாளில்தான் கிடைக்கும், சேரும்போது தரலாமா? அதோடு நிறுத்தியிருக்கலாம். அடையாள அட்டைப் படத்தில் மீசை இருக்கிறது, முகத்தில் இல்லை, பரவாயில்லையா? சேரும் நாளில் உங்கள் லிஃப்டே நின்றுபோய், நான் படியேறி ஐந்தாம் மாடிக்கு வந்தால் அது தாமதமா?

அனுப்பிவிட்டு, எதுக்கும் இருக்கட்டும் என்று வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருக்கும் மனைவிக்கும் ஒரு நகல் தட்டினார். உடனே போன் வந்தது.

“ஏங்க, மீசை வரைக்கும் கேட்டிருக்கீங்க. வேலைக்கு வர்றேன்னு எங்க இருக்கு?”

“சேர்ற தேதி கேட்டிருக்கேனே, அப்ப வர்றேன்னுதானே அர்த்தம்?”

“நம்ம கல்யாணத்துக்கும் மண்டபத்துல ஃபேன் ஓடுமான்னுதான் கேட்டீங்க. சம்மதம்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல!”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இப்ப என்ன பண்றது?”

“ஆஃபரை ஏத்துக்கிறேன்னு முதல் வரியிலயே போடுங்க. சம்பளம், தேதி, பேப்பர் மூணும் அதுக்குக் கீழ. கடிதத்துல கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துச் சேத்து அனுப்புங்க.”

“எதுக்கும் அந்த மீசை விஷயத்தையும்...”

“இன்னொரு எதுக்கும் சொன்னீங்க, அந்த வேலைக்கு நானே அப்ளை பண்ணிடுவேன்!”

கீழே ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். கடிதத்தை அச்செடுத்து, கையெழுத்திட்டு, படம் பிடித்து அனுப்பியபோது ஐந்தாகக் கொஞ்ச நேரமே இருந்தது. அதன்பின் ‘அனுப்பியவை’ பகுதியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் பதில் வந்தது. கைக்கு வரும் தொகை சொன்னபடியே. பதினாறாம் தேதி சரி. சான்றிதழ், சம்பளச் சீட்டு நகல்களைத் திங்கட்கிழமைக்குள் மின்னஞ்சலில் அனுப்பவும். ரிலீவிங் லெட்டரைச் சேரும் அன்று தரலாம். கீழே தனியாக ஒரு வரி: ‘லிஃப்ட் நின்றால் அது தாமதம் ஆகாது.’

பதினாறாம் தேதி காலை மருத்துவமனை வாசலில் பணியாளர் துறை அம்மா மூச்சிரைக்க நின்றிருந்தார்.

“மீசைக்காரர் நீங்கதானே? உங்க வாய் முகூர்த்தம், லிஃப்ட் நின்னுடுச்சு. வாங்க, வாங்க!”

மெக்கானிக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“எதுக்கும் முதல்ல ரிலீவிங் லெட்டரை வாங்கிக்குங்க மேடம்.”