ரத்துக்காரர் போட்ட டிக்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் மட்டும்தான் தெரியும். கடைத்தெருவில் அவர் ரத்துக்காரர். ஜிம்மில் சேர்ந்தால் இலவச மாதம் முடிவதற்கு முந்தின நாள் ரத்து. படம் பார்க்கும் செயலியை வாங்கினால் தொடரின் கடைசிப் பகுதி முடிந்த கையோடு ரத்து. ஒருமுறை மனைவியின் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்த ரயில் டிக்கெட்டைக்கூட ரத்து செய்துவிட்டார். பிடித்தம் கொஞ்சம்தான், மிச்சப் பணம் அப்படியே திரும்பி வந்தது. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட திருப்தி அவருக்கு அதிலேயே கிடைத்துவிட்டது. அவர் மனைவிக்குத்தான் கிடைக்கவில்லை.

தொழில், சின்னக் கடைக்காரர்களுக்கு வரிக் கணக்குத் தாக்கல் செய்வது. செருப்புக் கடைக்கு மேலே ஒரு அறை. ஒரு மேசை, ஒரு கணினி, காகிதத்தை நான்கு தடவை கடித்துத் துப்பிவிட்டு ஐந்தாவது தடவை அச்சடிக்கும் பிரிண்டர். வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த மரப்படி ஓயாது. கடைசித் தேதி தாண்டிவிட்டால் ஈ ஓட்டலாம், ஈயும் வந்தால்.

அந்த அறையில் அவருக்கு ஒரே ஒரு ஜென்ம விரோதி உண்டு. கணக்கு மென்பொருள் கம்பெனி. ஒரு வருஷச் சந்தா கட்டினால்தான் அது வேலை செய்யும். தாக்கல் சீசன் முடிந்து, எல்லோரும் களைத்துப்போய் மெயிலைக்கூடத் திறக்காத சமயம் பார்த்து, அடுத்த வருஷச் சந்தாவைக் கார்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்.

"பசிக்கிறப்ப சோறு போட்டு, தூங்குறப்ப பாக்கெட்ல கை விடுறான்" என்பார் ரத்துக்காரர். "நம்மகிட்ட அது நடக்குமா?"

நடக்காது. அவர் வழி தனி வழி. சீசன் முடிந்ததும் எல்லாக் கணக்கையும் ஒரே பேக்கப் கோப்பாக பென் டிரைவில் இறக்கிக்கொள்வார். சந்தாவை ரத்து செய்வார். அடுத்த சீசனில் வேறொரு மெயில் முகவரியோடு புது வாடிக்கையாளராகப் போய் நிற்பார். புதியவர்களுக்குப் பாதி விலை. அதே பேக்கப்பை உள்ளே ஏற்றினால் பழைய கணக்கெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இப்படி ஒரு வருஷம் மனைவி பெயரில், ஒரு வருஷம் மச்சான் பெயரில், போன வருஷம் அக்கா பெயரில். கம்பெனிக்காரன் கண்ணுக்கு அவர் குடும்பமே கணக்கர் குடும்பம். வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் இந்த வித்தையை மைக் பிடித்துச் சொன்னார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவருக்குத் தலைக்கேறிப்போனது.

தலைக்கேறினால் சும்மா இருக்க முடியுமா? போன சீசனில் இன்னொரு புரட்சி செய்தார். பில்களையெல்லாம் போனில் படம் பிடித்து, மென்பொருளில் அந்தந்தச் செலவுக் கணக்கோடேயே இணைத்துவிட்டார். முன்பெல்லாம் ஒவ்வொரு கடைக்காரரும் ஒரு பை நிறையக் காகிதம் வைத்திருப்பார்கள். இனி வேண்டாம், கிழித்துப் போடுங்கள் என்றார். பலர் சோம்பல்பட்டுக் கிழிக்கவில்லை. சொன்னபடி ஒழுங்காகக் கிழித்தவர் ஒருவர்தான். அவருடைய அக்கா.

அக்கா சலவைக் கடை வைத்திருக்கிறார். புருஷன் போன பிறகு தனியாக நின்று நடத்துகிற கடை. நாலு இயந்திரம், எந்நேரமும் ஈரச் சூடு, சோப்பு வாசனை. மடித்த துணிகளை வைக்க இடமில்லாமல் ஸ்டூலில், படியில், கல்லாவுக்குப் பக்கத்தில் என்று அடுக்கியிருப்பார். பக்கத்துக் கடை காலியானால் அதையும் வாடகைக்கு எடுத்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தார். இப்போது கடை காலியானது, அந்தப் பணம் முன்பணத்துக்குச் சரியாக இருந்தது. கடைச் சொந்தக்காரர் மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புதிய சலவை இயந்திரம் வாங்கியது, பழைய இயந்திரங்களைப் பழுது பார்த்தது என்று கணக்கில் காட்டிய செலவுகளுக்கு பில் கொடுங்கள் என்று. அக்கா கடையைப் பூட்டிவிட்டு ஈரக் கையோடு மரப்படி ஏறி வந்தார்.

"தம்பி, பயமா இருக்குடா."

"எதுக்குக்கா பயம்? கேக்குறது அவங்க வேலை, கொடுக்குறது நம்ம வேலை. பில் எல்லாம் பத்திரமா இருக்கு. உக்காரு, காப்பி சொல்றேன்."

மென்பொருளைப் புதிதாக வாங்கினார். இந்தத் தடவை மறுபடி மனைவி பெயர், புது மெயில். பேக்கப்பை ஏற்றினார். அக்காவின் கடைக் கணக்கு வந்தது. இயந்திரம் வாங்கிய பதிவு இருந்தது, பழுதுச் செலவுகள் தேதிவாரியாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும், பில் இணைந்திருப்பதைக் காட்ட, சின்னதாக ஒரு காகித ஊசிப் படம். ரத்துக்காரர் அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஊசியை அழுத்தினார்.

'இணைப்பு கிடைக்கவில்லை.'

அடுத்ததை அழுத்தினார். அதுவும் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். மனுஷர் பொத்தானை அழுத்திய வேகத்துக்குக் கிணறு தோண்டியிருந்தால் தண்ணீர் வந்திருக்கும். சிரிப்பு மட்டும் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்துவிட்டார். அக்கா காப்பியைக் கீழே வைத்தார்.

கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண், பொறுமையே உருவானவள்.

"சார், பேக்கப் கோப்புல கணக்குப் பதிவுகள் மட்டும்தான் வரும். இணைச்ச படங்களை ஆவணங்கள் பகுதியில போய்த் தனியா டவுன்லோட் பண்ணணும்."

"அது எனக்குத் தெரியாதே! போன வருஷம் எங்க அக்கா பேர்ல இருந்த பழைய அக்கவுண்ட்லேருந்து இப்ப எடுத்துக் கொடுங்க."

"அந்த அக்கவுண்ட்டை நீங்க முழுசா மூடிட்டீங்க சார். தானா புதுப்பிக்கிறதை மட்டும் நிறுத்தியிருந்தா, கட்டின காலம் முடியற வரைக்கும் வேலை செஞ்சிருக்கலாம். அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் திறந்து பாக்க, டவுன்லோட் பண்ண முடிஞ்சிருக்கும். மூடிட்டா குறிப்பிட்ட காலத்துக்கு அப்புறம் எல்லாம் அழிஞ்சிடும். அந்தக் காலமும் முடிஞ்சு போச்சு."

ரத்துக்காரருக்கு நினைவு வந்தது. திரையில் இரண்டு வழி இருந்தது. 'புதுப்பித்தலை நிறுத்து', 'கணக்கை இப்போதே மூடு'. இரண்டாவதில் மிச்சமிருந்த சில வாரங்களுக்கான சந்தா திரும்பக் கிடைக்கும் என்று போட்டிருந்தது. அந்தச் சில்லறையை அவர் விடுவாரா? கடுகு போன இடம் ஆராய்கிறவர், பூசணிக்காய் போன இடம் எங்கே பார்த்தார்!

"முன்னாடியே எச்சரிக்கை பண்ணியிருக்க வேண்டாமா?" என்று குரலை உயர்த்தினார்.

"திரையிலேயே கேட்டிருக்கோம் சார். தேவையானதை எல்லாம் டவுன்லோட் பண்ணிட்டேன்னு நீங்க டிக் போட்டிருக்கீங்க. போட்டாத்தான் மூடவே முடியும். அப்புறம் ரெண்டு தடவை மெயிலும் போயிருக்கு."

டிக். அவர் பிழைப்பே அதுதான். 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்று ஊராருக்காக எத்தனை கட்டத்தில் டிக் போட்டிருப்பார்! கடைக்காரர் யாராவது இது என்ன என்று கேட்டால், "அதெல்லாம் சும்மா சம்பிரதாயம், கையெழுத்துப் போடுங்க" என்பார். பின்னால் ஏதாவது சிக்கல் வந்தால், "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க" என்று அவரே கேட்பார். இப்போது அந்தக் கேள்வி ரொம்ப மரியாதையான குரலில் அவர் காதுக்கே வந்துவிட்டது.

மெயில் போன முகவரி அக்காவுடையது. அக்கா போனைத் திறந்து பார்த்தார். இரண்டு மெயிலும் திறக்கப்படாமல் கிடந்தன.

"நீதான்டா சொன்னே, அதுல வர்றதெல்லாம் விளம்பரம், தொடாதேன்னு."

ரத்துக்காரருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கம்பெனி மேல் கோபமாக இருந்தது. தப்பு செய்தவனுக்குக் கோபம் எப்போதும் தயாராகக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை அதன் பிறகுதான் ஆரம்பித்தது. இயந்திரம் விற்ற கடைக்காரர் தன் கணினியில் தேடி, பில்லுக்கு நகல் கொடுத்துவிட்டார். நல்ல மனுஷர், பழைய பேக்கப் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். பழுது பார்க்கிற மெக்கானிக்கிடம் போனால் அவர் தலையைச் சொறிந்தார்.

"பில்லா? கையால எழுதிக் கொடுத்தேனே சார். பில் புக்கோட அடிக்கட்டை எங்க போச்சோ? பணமும் ரொக்கமாத்தானே கொடுத்தாங்க."

வரி அலுவலகத்தில் ரத்துக்காரர் கணினித் திரையின் படங்களை அச்சடித்து எடுத்துப்போய்க் காட்டினார். எல்லாவற்றிலும் காகித ஊசி இருந்தது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல பில் இல்லையே சார், பில் இருந்த இடம்தானே இருக்கு?"

இயந்திரச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். பழுதுச் செலவு முழுவதையும் தள்ளிவிட்டார்கள். அதற்கான வரி, மேலே அபராதம். அக்கா பக்கத்துக் கடைக்கு வைத்திருந்த பணத்திலிருந்துதான் கட்டினார். மாதக் கடைசி வந்தது, போனது. அந்த இடத்தில் இப்போது ஒருவர் போன் உறை விற்கிறார். அக்கா இன்னும் மடித்த துணியைப் படியில்தான் அடுக்குகிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ரத்துக்காரர் எதிர்ச்சாரியில் நடந்தார். நெஞ்சில் முள் தைத்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் சங்கக் கூட்டத்தில் எழுந்து, நான் சொன்னது தப்பு, ரத்து செய்வதற்கு முன்னால் பில் படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அக்காவே படியேறி வந்தார். கையில் புது பென் டிரைவ், ஒரு மடிக்கணினி, ஒரு பெரிய உறை.

"தம்பி, என் கடைக் கணக்கு எல்லாத்தையும் எனக்கு ஒரு காப்பி கொடு. தாக்கல் பண்ணினது, அதுக்கு வந்த ஒப்புகை, பேரேடு, எல்லா வருஷமும். உன் மென்பொருள் இல்லாமலேயே திறக்கிற மாதிரி கொடு. வரி இணையதளத்துக்கான பாஸ்வேர்டும் வேணும்."

ரத்துக்காரருக்கு உள்ளம் குளிர்ந்தது. அக்கா கோபத்தை மறந்துவிட்டார், தொழில் கற்றுக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார்! "இப்படித்தான்க்கா இருக்கணும். பதிவு நம்ம கையில இருக்கணும். எல்லாரும் உன்னை மாதிரி இருந்துட்டா..." என்று உபதேசம் பண்ணிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பிரிண்டர்கூட அன்றைக்கு முதல் தடவையிலேயே அச்சடித்தது.

அக்கா எதற்கும் அவசரப்படவில்லை. பென் டிரைவைத் தன் மடிக்கணினியில் செருகி, ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்தார். கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்த்தார். பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அதை மாற்றினார். எல்லாவற்றையும் உறையில் போட்டு, உறையைப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

"எல்லாம் திறக்குதாக்கா?"

"திறக்குது. அடுத்த சீசனுக்கு வேற ஆள் பாத்துட்டேன் தம்பி."

"என்னக்கா சொல்றே? என்னையா நிறுத்துறே?"

"அபராதம் கட்டின அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்." அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "உன் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கோ."