மாடனின் இடது தோள்

கீழப்பாவூர்ப் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டும் மாடனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் தோளிலிருந்துதான் தொடங்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலில் சாமி சப்பரம் கிளம்பினாலும் ஆள் ஆஜர். இருபது வருஷம் சப்பரத்தைத் தாங்கும் மரக்கொம்பு அழுத்தி அழுத்தி வலது தோளில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறிவிட்டது. சப்பரம் தூக்குகிறவர்களுக்கு அந்தக் காய்ப்புதான் பட்டமும் பதக்கமும். சட்டையைக் கழற்றி நின்றால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

இருபது வருஷமும் அவனுக்குக் கிடைத்தது பின்கொம்பு. இந்த வருஷம் ஊர் அம்மன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்குத்தான் தர்மகர்த்தா சண்முகநாதன், "ஏ மாடா, இந்தத் தடவ வலது முன்கொம்பு ஒனக்கு" என்று வாய் திறந்து சொன்னார். முன்கொம்புக்காரனுக்குத்தான் பரிவட்டம், முதல் திருநீறு எல்லாம். அந்தக் கொம்புக்கு வெளிப்பக்கம் நிற்கிறவன் இடது தோளைக் கொடுக்க வேண்டும். மாடனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் குற்றாலத்தில் மாம்பழக் கூடைகளை இறக்கிவிட்டு ஒரு குளியல் போடலாம் என்று அருவிக்குப் போனான். சாரல் சீசன், சொல்லவா வேண்டும். எண்ணெய் கூடாது, ஷாம்பு கூடாது என்று போர்டு ஒரு பக்கம் தொங்குகிறது. அதன் அடியிலேயே மண்டையில் எண்ணெயைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறது கூட்டம். கிழிந்த ஷாம்புப் பாக்கெட், யாரோ கழற்றிப் போட்ட ஜட்டி, காறித் துப்பிய எச்சில். மாடன் மட்டும் யோக்கியனா? அவனும் எண்ணெய் வழிய வழியத்தான் படியில் கால் வைத்தான். கால் சறுக்கியது. கையை ஊன்றக்கூட நேரமில்லை. கை உடம்போடு ஒட்டியபடியே இருக்க, இடது தோளின் முனை கல்லில் மோத விழுந்தான்.

உயிர் போகிற வலி. தோளின் உச்சியில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் ஓடி வந்து, "ஒண்ணுமில்ல, பிசகிருக்கு. எடுத்து விட்டுருதேன்" என்று கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். மாடன் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த மிளகாய் பஜ்ஜி கீழே விழுந்தது.

ஒற்றைக் கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். விழுந்ததை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் முன்கொம்பு கை நழுவிப் போகும் அல்லவா?

நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. தோளின் மேல் ஒரு மேடு மட்டும் எழும்பி நின்றது. குளத்தில் முகம் கழுவும்போது அதைப் பார்த்தவன் விஜய்பாண்டி, சப்பரம் தூக்குகிறவர்களில் இளையவன்.

"அண்ணாச்சி! இடது தோள்லயும் காய்ப்பு ஏறிட்டே! முன்கொம்பு தர்றேன்னு சொன்னதும் அம்மனே குடுத்துட்டா!"

இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த மனுஷன் சிரித்துவிட்டு வந்தான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. வந்து பார்த்தார்கள், தொட்டார்கள், திருநீறு பூசினார்கள். தொட்ட ஒவ்வொரு விரலுக்கும் வலி பல்லைக் கடிக்க வைத்தது. அதைவிடத் தன்மேல் வந்த அருவருப்புதான் பெரிதாக இருந்தது. ச்சீ, எண்ணெயில் வழுக்கி விழுந்த தோளுக்குத் திருநீறா?

மனைவி இசக்கிசெல்வியை ஏமாற்ற முடியுமா? இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதில்லை. சட்டை போட அரைமணி நேரம். குளிக்கும்போது இடது கையால் வலது அக்குளுக்குச் சோப்பு போடப் போனவன், கை நெஞ்சைத் தாண்டியதும் முகம் கோணி நின்றான்.

"இங்கன திரும்புங்க" என்று மேட்டின் மேல் விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். உள்ளே இறங்கியது. விரலை எடுத்தாள். திரும்ப எழும்பியது.

"ச்சை! காய்ப்பு ஹார்மோனியக் கட்டை மாதிரி ஏறி இறங்குமா? எலும்புல்லா இது! எங்க போயி விழுந்தீங்க?"

உண்மை வந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள் பாருங்கள், அழுகின முட்டையை மோந்தவள்கூட அப்படிச் சுளிக்க மாட்டாள். "கேவலமா இல்ல? அம்மன் குடுத்ததுன்னு ஊரே கும்பிடுது, நீங்களும் காட்டிக்கிட்டுத் திரியுதீங்க!"

மறுநாள் தென்காசி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எலும்பு டாக்டர் ஸ்ரீமதி அவனை நிற்க வைத்து இரண்டு தோளையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, படங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டினார்.

"எலும்பு முறியல. தோள் மூட்டு கழண்டும் போகல, கையப் பிடிச்சு இழுத்ததுதான் தப்பு. கழுத்துக்குக் கீழ இருக்கிற காறை எலும்பு தோள்பட்டையோட சேர்ற சின்ன இணைப்பு இருக்குல்ல, அதக் கட்டி வச்சிருக்கிற நார் கிழிஞ்சிருக்கு. அதான் கை பாரத்துல தோள் கீழ எறங்கி, காறை எலும்பு முனை மேல துருத்துது."

"ஆப்பரேஷனா?" என்றாள் இசக்கிசெல்வி.

"இப்ப வேண்டாம். நெறையப் பேருக்கு அது இல்லாமலே சரியாகும். மூணு வாரம் கையத் தொட்டில் கட்டித் தொங்கவிடணும். ஐஸ் வைங்க, மாத்திரை சாப்பிடுங்க. வலி கொறைய கொறைய நான் சொல்ற பயிற்சி செய்யணும். மேடு அப்படியேதான் இருக்கும், அதப் பத்திக் கவலையில்ல. ஆனா மூணு மாசத்துக்கு பாரம் தூக்கப்படாது."

"சப்பரம்?" என்றான் மாடன்.

"அதுவும் பாரம்தானே?"

கொடை அன்றைக்குக் கைத்தொட்டிலைக் கழற்றி ஆட்டோ சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டுப் போய் நின்றான் மாடன். மேளம் காதைப் பிளந்தது. சண்முகநாதன் பரிவட்டம் கட்டினார், மேட்டின் மேல் திருநீறு அப்பினார். ஒருத்தி இடுப்பில் வைத்திருந்த பிள்ளையின் கையைப் பிடித்து அங்கே வைத்து, "தொட்டுக் கும்பிடுடா, அம்மன் ஏறி உக்காந்த தோளு" என்றாள். அந்தப் பிஞ்சு விரல் பட்டதும் மாடன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"தொடாதீங்க!" என்று கத்தினான். "இது காய்ப்பு இல்ல. குத்தாலத்துல எண்ணெயில வழுக்கி விழுந்தேன். உள்ள நார் கிழிஞ்சு கெடக்கு. தூக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு."

அந்தப் பெண் பிள்ளையின் கையை வெடுக்கென்று இழுத்து, சேலை முந்தானையால் துடைத்தாள். இரண்டு தரம் துடைத்தாள். சற்று முன் கும்பிட்ட அதே தோள்தான்! சண்முகநாதன் பரிவட்டத்தை அவிழ்த்து, பக்கத்தில் நின்ற விஜய்பாண்டி தலையில் கட்டினார்.

கூட்டத்தை விட்டு வெளியே வந்தவனின் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள் இசக்கிசெல்வி. தொட்டிலை எடுத்து வந்திருந்தாள். கட்டிவிட்டாள்.

சப்பரம் எழுந்தது. தெரு முக்குத் திரும்பும்போது பாரம் முழுக்க வலது முன்கொம்பில் சாய்ந்தது. விஜய்பாண்டி ஒரு அடி தடுமாறினான். கழுத்து நரம்பு புடைக்கத் தோளைக் கொடுத்து நிமிர்த்தினான். பார்த்துக்கொண்டிருந்த மாடனின் தோள் தன்னையறியாமல் எழும்ப, வலி சுண்டி இழுத்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொம்புக்குப் பின்னால் வரிசையாக வந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். எல்லாம் மாமன் மச்சான்கள்.

"சப்பரத்தப் போட்டிருப்பேன் செல்வி," என்றான். "இந்த முக்குல அத்தன பேரு மேலயும் போட்டிருப்பேன்."

அவள் அவன் தோளில் அப்பியிருந்த திருநீறை, வலிக்காமல், ஓரத்திலிருந்து தட்டிவிட ஆரம்பித்தாள்.