பெரும்பான்மையால் எரிந்த பிரேக் லைட்

தலவாக்கலை கடைத்தெருக் கோடியில் வாகனங்களுக்கு வயரிங் பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் கோளாறை வாயால் சொல்வார்கள், சிலர் கையால் காட்டுவார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தவர் ஒரே ஒருவர்தான். பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து அதிபர் அவர். தன் பழைய வேனில்தான் தினமும் ஆசிரியர்களை ஏற்றிப் போவார்.

அவர் நீட்டிய தாள் ஓர் ஆசிரியர் கூட்டத்தின் அறிக்கை. பிரேக்கை மிதித்தால் வேனின் பின்விளக்கு எரிகிறது என்று நான்கு பேரும், மிதித்தால் அணைகிறது என்று மூன்று பேரும் வாக்களித்திருந்தார்கள். ஆகவே பெரும்பான்மையின்படி விளக்கு எரிகிறது என்று தீர்மானம்.

“தீர்மானம் போட்டாச்சுங்களே சேர், அப்புறம் எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டேன்.

“அந்த மூணு பேரும் வேன்ல ஏற மாட்டேங்குறாங்க பாஸ்,” என்றார்.

விஷயம் பஸ்காரரிடமிருந்து தொடங்கியிருக்கிறது. தினமும் இவர் பின்னாலேயே வரும் பஸ்ஸின் டிரைவர், ஒரு வளைவில் வேனை இடிக்கப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து குறைப்பட்டிருக்கிறார். வேன் நிற்கப் போகும் நேரத்தில்தான் சிவப்பு தெரிகிறதாம், அதற்குள் பஸ் முட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறதாம். அதைச் சோதிக்க அதிபர், காலைப் பனிமூட்டத்தில் மைதானத்தில் வேனை நிறுத்தி, லைட்டைப் போட்டுவிட்டு, பெடலை மிதித்து மிதித்து எடுத்திருக்கிறார். ஆசிரியர்கள் பின்னால் குடை பிடித்து நின்றிருக்கிறார்கள். விஞ்ஞான ஆசிரியர் எரிகிறது என்றார். தமிழ் டீச்சர் அணைகிறது என்றார். ஒருவர் கண்ணை ஒருவர் பரிசோதிக்கச் சொல்லுமளவுக்குப் போய், கடைசியில் வாக்கெடுப்பு.

வேனைக் கடைக்குள் விட்டு, நானும் லைட்டைப் போட்டுப் பின்னால் போய் நின்றேன். மிதிக்கச் சொன்னேன். இடப்பக்க விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதுவரை மங்கலாக எரிந்துகொண்டிருந்த வலப்பக்க விளக்கு மொத்தமாக அணைந்தது. பனியில் இடப்பக்கம் நின்றவர்களுக்கு ஒன்று, வலப்பக்கம் நின்றவர்களுக்கு இன்னொன்று. ஏழு பேரும் கண்டதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

வலப்பக்க விளக்கிலிருந்து கரண்ட் திரும்பிப் போகும் எர்த் வயர், வேனின் பாடியோடு சேரும் இடத்தில் துருப்பிடித்துப் போயிருந்தது. பல்புக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல், பிரேக் வயர் வழியாகச் சுற்றி, இடப்பக்கப் பல்புக்குள் போய் எர்த்தைத் தேடிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்ததும் அந்த வயரிலும் கரண்ட் வந்துவிடும். பிறகு அந்தச் சுற்றுவழியும் அடைபடும், விளக்கும் செத்துவிடும்.

அதிபருக்கு இது பிடிபட்டதோ இல்லையோ, லைட் போடாத நேரத்தில் பிரேக்கை மிதித்தால் வேக மீட்டருக்குள் மெல்லிய வெளிச்சம் வருவதாகச் சொன்னார். ஜப்பான்காரன் அழகுக்கு வைத்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாராம். அதுவும் இதே கோளாறுதான் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது.

விளக்கின் எர்த்திலிருந்து பாடியின் சுத்தமான இரும்புக்கு ஒரு தனி வயரைத் தொட்டுக் காட்டினேன். மிதித்ததும் இரண்டு பக்கமும் ஒன்றாக எரிந்தன. துருவைச் சுரண்டி, திருகாணியை மாற்றி இறுக்கினேன்.

பஸ்காரர் சொன்ன தாமதம் வேறு கோளாறு. பெடலுக்கு மேலே இருக்கிற சுவிட்சில் ஒரு சின்ன முனை உண்டு. கால் படாதபோது பெடல் அதை உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். பெடல் இறங்கினால் முனை வெளியே வரும், விளக்கு எரியும். யாரோ சுவிட்சைப் பெடல் பக்கம் அதிகமாகத் திருகி வைத்திருந்ததால், பெடல் பாதி இறங்கிய பிறகுதான் முனை விடுபட்டது. வயரைக் கழற்றி, பூட்டு நட்டைத் தளர்த்தி, சுவிட்சைப் பின்னுக்குத் திருகினேன். முதலில் கொஞ்சம் கூடிவிட்டது. மிதிக்காமலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இதுதான் ரொம்பப் பாதுகாப்பு, இப்படியே விட்டுவிடலாம் என்றார் அதிபர். எப்போதும் எரிந்தால் எப்போது நிற்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லி, அரைச் சுற்று முன்னுக்குத் திருகினேன். கால் வைத்துக் கொஞ்சம் அழுத்தியதுமே எரிந்தது, எடுத்ததும் அணைந்தது. நட்டை இறுக்கி, மறுபடியும் பார்த்தேன்.

அதிபர் அதோடு விடவில்லை. ஓடும்போது எரிகிறதா என்று நான் பின்னால் வந்து பார்க்க வேண்டுமாம். ஓட்டோவை எடுத்துக்கொண்டு அட்டன் ரோட்டில் பின்தொடர்ந்தேன். அவர் வளைவுக்கு மிதித்தார், நேர் ரோட்டிலும் மிதித்தார், ஒன்றுமில்லாத இடத்தில் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாலும் நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் மிதித்தார். எனக்குப் பின்னால் லொறி, அதற்குப் பின்னால் வேன்கள், கடைசியில் ஒரு பஸ் என்று வரிசை நீண்டுகொண்டே போனது.

பஸ் கண்டக்டர் இறங்கி, வரிசை முழுக்க நடந்து என்னிடம் வந்தார்.

“அண்ணே, லைட்டு நல்லாத்தான் எரியுது. வரிசையில எல்லாருமே பாத்துட்டோம். அவரக் காலை எடுக்கச் சொல்லுங்க.”