முழு லோடில் எடுத்த அளவு

கீதாஞ்சலியின் ரெஸ்யூமே இரண்டு பக்கம். அதில் ஒரே ஒரு வரிதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மற்ற வரிகளெல்லாம் தங்கமான பிள்ளைகள். கருங்கல் குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தயாரித்தது, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊர்க்காரர்களின் கோபத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் குறித்துக்கொண்டது, மாநில ஆணையத்திடம் அனுமதி கிடைக்கும்வரை அலைந்தது, கிடைத்த பிறகு ஆறு மாதத்துக்கொருமுறை நிபந்தனைகள் நிறைவேறினவா என்று அறிக்கை அனுப்பியது. யார் எதைத் தோண்டிக் கேட்டாலும் அவளிடம் பதில் இருந்தது. முதல் பக்கத்தின் நடுவில், கொட்டை எழுத்தில் இருந்த அந்த வரிக்குத்தான் இல்லை. 'கீழ்பென்னாத்தூர் அரிசி ஆலையில் பாய்லர் புகையின் தூசி அளவை 61 சதவீதம் குறைத்தது.'

திருவண்ணாமலையில் அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தை மார்ச்சோடு மூடுகிறார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது, மகன் கனடாவில். சென்னையில் இருக்கும் ஒரு ஆலோசனை நிறுவனம் வடமாவட்டங்களுக்கு ஒரு பொறுப்பாளரைத் தேடியது. திருவண்ணாமலையிலேயே இருந்துகொண்டு பார்க்கலாம் என்றார்கள். அப்படியொரு வேலை இந்த ஊரில் வருவது அபூர்வம். கணவன் விமல்ராஜ் ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் மேலாளர். வெளிநாட்டுக்காரர்கள் வரும் குளிர்காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது, வெயில் ஏறிவிட்டால் பாதிச் சம்பளம். அவள் சம்பளம்தான் வருஷம் முழுக்க அடுப்பெரிய வைத்தது. இந்த வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நேர்காணல் போனிலேயே நல்லபடியாக முடிந்தது. நிறுவனத்தின் பெரிய அதிகாரி ராமகிருஷ்ணன் கடைசியில் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

"நான் பௌர்ணமிக்கு கிரிவலம் வர்றேன்மா. மறுநாள் காலைல நேர்ல பார்த்துடலாம். அந்த ரைஸ் மில் ரிப்போர்ட்டையும் எடுத்துட்டு வாங்க. முடிஞ்சா மில்லையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்."

அன்று சாயங்காலம் அவள் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அவள் சொல்லி மில்லில் சைக்ளோன் வைப்பதற்கு முன்னால் ஒரு கனமீட்டருக்கு 412 மில்லிகிராம் தூசி, வைத்த பிறகு 160. சைக்ளோன் என்றால் புயல் கியல் இல்லை. புகையைச் சுழலவிட்டு, தூசியை மட்டும் கீழே இறக்கிவிடுகிற இரும்புக் கூம்புகள். அப்புறம் அவள் கண் இரண்டாவது அளவு எடுத்த தேதியில் விழுந்தது. கார்த்திகை தீப வாரம்.

தேதியை மறுபடியும் படித்தாள்.

தீபத்துக்கு ஊருக்குள் லாரி விடமாட்டார்கள் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். நெல் லாரிகள் எங்கெங்கோ நின்றுவிடும். மில் ஆட்களில் பாதிப் பேர் மலை சுற்றப் போய்விடுவார்கள். பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் அர்ஜுனன் அன்றைக்குச் சொன்னதும் இப்போது ஞாபகம் வந்தது. "இந்த வாரம் நெல் அவிக்கறது கம்மிதான் மேடம், ஒரு வரிசைதான் ஓடுது." அவள் காதில் வாங்கினாள், மனசில் வாங்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் மில்லின் இசைவாணையைப் புதுப்பிக்கும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. மில் முழுசாக ஓடும் வழக்கமான லோடில்தான் புகையை அளக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். பாய்லரில் பாதி உமி எரிந்தால் பறக்கும் சாம்பலும் குறைவாகத்தான் இருக்கும். அறிக்கையிலேயே புகைபோக்கியில் காற்றின் வேகம் முன்னைவிடப் பாதியாக இருந்தது. தொழில் தெரிந்தவன் ஒரு பார்வை பார்த்தால் போதும். ராமகிருஷ்ணன் தொழில் தெரிந்தவர்.

பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் அவள் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். ஒருநாள் உப்பே போடவில்லை. ரெஸ்யூமேயைத் திறப்பாள், அந்த வரி வந்ததும் விரலால் வேகமாகத் தள்ளிவிட்டுக் கீழே போய்விடுவாள்.

கடைசியில் பொறுக்க முடியாமல் ராஜமாணிக்கத்தைப் பார்க்கப் போனாள். மில்லின் உரிமையாளர். நெல்லை முகர்ந்தே ஈரப்பதம் சொல்லிவிடுவதாகப் பெருமை உள்ளவர், மாசுக் கட்டுப்பாடு என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சுருங்குகிறவர்.

"மறுபடியும் எதுக்கும்மா? ஆபீஸ்ல ஏதாச்சும் கேட்டாங்களா?"

"இல்லீங்கய்யா. நான்தான் ஒரு தடவை பார்த்துக்கலாம்னு. போன தடவை பாதி லோடுல எடுத்துட்டேன்."

"அதான் பாஸ் ஆயிடுச்சே. ஆனதைக் கிளறுவானேன்?"

"முழு லோடுல எவ்ளோ வருதுன்னு உங்களுக்கும் தெரியணும் இல்லீங்களா? திடீர்னு வாரியத்துக்காரங்களே வந்து எடுத்தா என்ன பண்றது?"

அவர் அவளையே பார்த்தார். "ஜாஸ்தி வந்தா?"

"ஜாஸ்தி வந்தா மறைக்கமாட்டேங்கய்யா. சரி பண்ண வழி பார்ப்போம்."

இதற்கு அவர் சம்மதித்திருக்க வேண்டியதில்லை. ஏனோ தலையாட்டினார்.

அர்ஜுனன் இரண்டு வரிசையையும் ஓடவிட்டார். உமி தடையில்லாமல் இறங்கியது. கீதாஞ்சலி புகைபோக்கியின் ஏணியில் ஏறி மேடையில் நின்று, துளைக்குள் குழாயை நுழைத்தாள். கீழே வயல்கள் பச்சையாகக் கிடந்தன, தூரத்தில் மலை தெரிந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை. ஒரு வேண்டுதல் மாதிரி, வரம்பைத் தாண்டிவிடக் கூடாது, தாண்டிவிடக் கூடாது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். தாண்டினால் அவள் வரி மட்டும் போகாது, அந்த மனிதரின் மில்லும் அல்லவா தெருவுக்கு வரும்.

தூசி படிந்த வடிகட்டியைப் பரிசோதனைக் கூடத்தில் உலர்த்தி எடை போட்டாள். தராசின் எண் நிலைகொள்ளும்வரை மூச்சு விடவில்லை. கணக்குப் போட்டதில் 300 வந்தது. வாரியத்தின் வரம்புக்குள்தான். மில் தப்பியது. ஆனால் தூசி குறைந்திருந்தது 61 சதவீதம் இல்லை, 27.

அவள் வரியைத் திருத்தினாள். '27 சதவீதம், முழு லோடில் அளந்தது.' கொட்டை எழுத்தையும் எடுத்துவிட்டாள். பார்க்க என்னவோ ஏழை வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் ராமகிருஷ்ணன் செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, செருப்பில்லாத பாதங்கள் வீங்கியிருந்தன. ஒரு காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்திருந்தவர், அவளைக் கண்டதும் கூச்சத்தோடு இறக்கினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மில்லுக்குப் போலாங்களா சார்?"

"இந்தக் காலை வச்சுக்கிட்டா? மில்லைப் பார்த்து நான் என்னம்மா பண்ணப்போறேன். ரிப்போர்ட் கொண்டாந்தீங்களா?"

கொடுத்தாள். அவர் பக்கங்களைப் புரட்டினார். காற்றின் வேகம் இருந்த பக்கத்தில் ஒரு நொடி நின்றார். அவள் காபி டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் அடுத்த பக்கத்துக்குப் போய், கடைசியில் கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்து, திருப்தியாக மூடினார்.

"சார், அது பாதி லோடுல எடுத்தது. தீப வாரம். இப்ப மறுபடியும் எடுத்தேன். இருபத்தேழுதான் வருது." புது ரெஸ்யூமேயை நீட்டினாள். வார்த்தைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன.

அவர் படித்தார். கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை.

"வேகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுதும்மா. அது பரவால்ல. நீங்க பொய்யா எழுதல, அன்னிக்கு அளந்தீங்க, வந்ததை எழுதினீங்க. கையெழுத்து இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பக்கம் இருக்கற மில்லுங்களுக்கெல்லாம் சைக்ளோன் போட ஒரு டெண்டர் வருது. பொறுப்பாளரா வர்றவங்க பாதிக்கு மேல குறைச்சுக் காட்டியிருக்கணும்னு அதுல ஒரு கண்டிஷன். அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டதே. இருபத்தேழுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரு வாரமாக, இவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று செத்துச் செத்துப் பிழைத்தாள். இவரானால் கண்டுபிடித்துவிட்டு, அதனால் ஒன்றுமில்லை என்கிறார்.

"பழைய ரெஸ்யூமேயையே சாயங்காலத்துக்குள்ள மெயில் பண்ணிடுங்க. இதை நான் பார்க்கலைனு வச்சுக்கறேன்." புதியதை மடித்து அவளிடமே கொடுத்தார். காபிக்கு அவரே காசு கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து விமல்ராஜிடம் சொன்னாள். அவன் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"அவரே சொல்றாரு இல்ல? அனுப்பு. இதுல நீ என்ன கொள்ளையா அடிச்ச?"

"ஏங்க, என் பேரைப் போட்டு அறுபத்தொண்ணுன்னு சொல்லி மத்த மில்லுங்களுக்கும் அதையே மாட்டுவாங்க. அவங்களுக்கு முழு லோடுல எவ்ளோ வரும்? ராஜமாணிக்கம் ஐயா மில்லு எப்படியோ வரம்புக்குள்ள வந்துடுச்சு. வரம்புக்கு ரொம்ப மேல இருக்கறவன் கடன் வாங்கி மாட்டிட்டு, அப்புறமும் மூடச் சொன்னா யாரைக் கேப்பான்?"

"அதெல்லாம் அப்ப பார்த்துக்கலாம், கீதா. மார்ச்சுக்கு அப்புறம் நாம என்ன பண்றது?"

அவன் கேட்டதில் தப்பில்லை. அவள் மடிக்கணினியைத் திறந்து, இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதை இணைத்தாள். நீக்கினாள். மறுபடியும் இணைத்தாள். 'பாதி லோடில்' என்று அதற்குள்ளேயே ஒரு மூலையில் சின்னதாகப் போட்டுவிடலாமா என்றுகூட அற்பமாக ஒரு யோசனை வந்தது. அவளுக்கே தன் மேல் எரிச்சலாக இருந்தது. இருட்டுவதற்குள் புதியதை அனுப்பிவிட்டாள்.

பதில் வர அதிக நேரம் ஆகவில்லை. 'நன்றி. தங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.'

அவள் அழுதாள். நல்லது செய்துவிட்ட நிம்மதியில் ஒன்றும் அழவில்லை. வேலை போன பயத்தில்தான் அழுதாள். விமல்ராஜ் போனை வாங்கிப் படித்துவிட்டு டீ போடப் போனான். கோபமா, இரக்கமா என்று அவன் முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

டீயைக் குடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ராணிப்பேட்டையில் ஒரு நிறுவனம், சென்னையில் இரண்டு. அவர்களுக்கு அனுப்புவதற்காக ரெஸ்யூமேயை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். அந்த வரி வந்தது. விரல் பழக்கதோஷத்தில் தள்ளப் பார்த்தது. பிறகு நின்றது. அவள் அதை முழுசாக வாசித்தாள். 27 சதவீதம், முழு லோடில் அளந்தது. இதைப் படித்துவிட்டு யாராவது கூப்பிடுவார்களா, மாட்டார்களா என்ற பயம் அப்படியே இருந்தது. கூப்பிட்டால் என்ன கேட்பார்களோ என்ற பயம் மட்டும் இல்லை.

"சென்னைன்னா வாடகை ஜாஸ்தியாகும்," என்றான் விமல்ராஜ், அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்தபடி.

"ஆகும்," என்றாள் கீதாஞ்சலி. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.