முதல் மடக்கோடு ஒரு மாத்திரை

"பாலக் குடிக்கிறதுக்கு ஒரு மாத்திரையா? அப்படி ஒண்ணு இருக்கா, இல்ல நீயாச் சொல்றியா? ஒன் சர்டிபிகேட்டு சுவத்துல தொங்குனாப் போதும்த்தா. யாவாரத்த நான் பாத்துக்கிறேன்."

ஆலங்குடியில், பேருந்து நிலையத்தை ஒட்டிய மருந்துக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் முதலாளி சொன்னது இது. அவர் சொன்னதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மருந்தாளுநர் சான்றிதழ் இல்லாமல் கடை நடத்த முடியாது. என் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள், கல்லாவுக்கு மேலே, மாலை போட்ட சாமி படங்களோடு தொங்கியது. மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் இருந்துகொள் என்றுகூடச் சொன்னார். நான் தினமும் காலை எட்டரைக்கே வந்து நின்றேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை. ஆடு மேய்த்தும் நூறு நாள் வேலைக்குப் போயும் என்னைப் படிக்க வைத்தார்கள். அந்தப் படிப்பு சுவரில் ஆணியில் தொங்குவதற்கு இல்லை.

அந்த மாத்திரைக்குச் சீட்டு கொண்டுவந்தவர் ஒரு தனியார் பேருந்தின் கண்டக்டர். ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே நாள் முழுக்க ஓடுகிறவர். டிரிப்புக்கு டிரிப் பால் டீ. குடித்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, இரைந்து, அவசரமாகிவிடும். இரண்டு முறை நடுவழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி முந்திரிக்காட்டுக்குள் ஓடியிருக்கிறார். மூன்றாவது முறை நிறுத்தினால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக வண்டி முதலாளி சொல்லிவிட்டார். பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அவர் குடலில் குறைவு என்று தஞ்சாவூரில் பார்த்த டாக்டர் கண்டுபிடித்து, லாக்டேஸ் மாத்திரையும், வீட்டுப் பாலுக்கு அதே நொதிச் சொட்டு மருந்தும் எழுதியிருந்தார். டீயை விடும்படியும் சொல்லியிருந்தார். அதை நான் எடுத்துச் சொன்னபோது கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையில், அது நடக்காது என்று தெரிந்துவிட்டது.

முதலாளியிடம் மல்லுக்கட்டி ஒரு பெட்டி மாத்திரையும் சில குப்பி சொட்டு மருந்தும் வரவழைத்தேன். வாங்கிப் போன ஆறாம் நாள் கண்டக்டர் திரும்பி வந்தார். தோளில் டிக்கெட் பை, முகத்தில் கோபம். மாத்திரை உறையைக் கண்ணாடி மேசைமேல் வீசினார்.

"ஏம்மா தங்கச்சி, இது மாத்திரையா சாக்பீஸா? ஒரு மண்ணும் கேக்கல. சொட்டு மருந்தும் வேஸ்ட்டு. நேத்து திருவரங்குளம் வர்றதுக்குள்ள எனக்கு உசிரே போயிருச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு டிக்கெட்டுப் போட்டேன்."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார் முதலாளி. குரலில் ஒரு மகிழ்ச்சி. "கட்டு அந்தப் பெட்டிய. திருப்பி அனுப்பு."

நான் உறையை எடுத்துப் பார்த்தேன். நீல மையில், 1-0-1, சா.பி. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். எழுத்து என்னுடையது.

எங்கள் கடைகளில் எந்த மாத்திரையை எடுத்தாலும் பேனா தானாக எழுதும் எழுத்து அது. அன்று கூட்டம். என் கையும் அந்தப் பழக்கத்துக்குப் போய்விட்டிருக்கிறது. முதலாளி உறையைக் கவனிக்கவில்லை. கண்டக்டருக்கும் தெரியாது. கசக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை.

"தப்பா எழுதிட்டேண்ணே," என்றேன். "தப்பு என் கையெழுத்துலதான். மாத்திரையில இல்ல."

முதலாளி சிரித்தார். "படிச்ச புள்ள!"

"படிச்சதாலதான் எது தப்புன்னு தெரியுதுங்க. ஒரு வாரம் குடுங்க. அண்ணனுக்கு அப்பவும் சரியா வரலன்னா இனிமே இந்தக் கடையில நான் வாயத் தொறக்கல. நீங்க சொன்ன மாதிரி சுவத்துல தொங்குறேன்."

கண்டக்டரை உட்கார வைத்துக் கேட்டேன். மாத்திரை காலை இட்லிக்குப் பிறகும் இரவு தோசைக்குப் பிறகும் போயிருக்கிறது. இட்லியிலும் தோசையிலும் பால் ஏது? டீ குடித்ததோ பத்து மணியிலிருந்து நாலு மணி வரை, டிரிப்புக்கு ஒன்று. இந்த மாத்திரை வயிற்றைக் குணமாக்குகிற மருந்து இல்லை; பால் வரும்போது கூடவே இருந்தால்தான் அதற்கு வேலை. முதல் மடக்கோடு போட வேண்டும். அரை மணி, முக்கால் மணியில் அதன் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு குடிக்கும் டீக்கு இன்னொன்று வேண்டும். வயிறு உப்பியபிறகு போட்டுப் பயனில்லை.

"அப்ப பையில டிக்கெட்டோட இதையும் வச்சுக்கணும்ங்கிற."

"சில்லறைக்குப் பக்கத்துல வச்சுக்கங்கண்ணே. டீக் கிளாஸக் கையில வாங்கினதும் மாத்திரை. டீ எண்ணிக்கையையும் கொறைங்க. டிரிப்புக்கு ஒண்ணு வேணாம்."

சொட்டு மருந்தை யார் விடுகிறார்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரிதான் என்று போன் போட்டுக் கொடுத்தார்.

"கொதிக்கிறப்பத்தான் விடுறேன்," என்றது மறுமுனை. "அப்பத்தானே மருந்து பால்ல நல்லா எறங்கும்?"

"அந்தச் சூட்டுல அது செத்துரும் அண்ணி. பாலக் காச்சி, நல்லா ஆற வச்சு, அட்டையில போட்டிருக்க அளவுக்குச் சொட்டு விடுங்க. கலக்கி மூடி ஒரு நாள் பிரிட்ஜுல வைங்க. மறுநாள் எடுத்துச் சுட வச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது. பாலுக்குள்ள அதோட வேலை அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

"எங்க வீட்டுல ரெண்டு மாடு நிக்கிது. அவருக்கு நேத்துப் பாலக் குடுக்கச் சொல்றியா? ஊருல கேட்டாச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் அண்ணி. அண்ணன் வண்டிய நிறுத்துனாலும் சிரிக்கத்தானே செய்வாங்க."

மறுமுனையில் பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "எத்தன சொட்டு?" என்றார்.

மூன்றாம் நாள் காலை கண்டக்டரின் வீட்டுக்காரியே கடை எண்ணுக்கு அழைத்தார். குரலில் சந்தேகம். "ஏம்மா, சீனி போடாமலே பால் இனிக்குது. இதுல என்ன கலந்து குடுத்த?" எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. பாலிலிருக்கும் அந்தச் சர்க்கரை உடைந்தால் இனிப்பு கூடும். சொட்டு மருந்து வேலை செய்திருக்கிறது என்று நாக்கே சாட்சி சொல்லிவிட்டது. போனை ஒலிபெருக்கியில் போட்டு, முதலாளி காதில் விழும்படி மறுபடியும் சொல்லச் சொன்னேன்.

அந்த வாரம் வண்டி எங்கும் நிற்கவில்லை. ஒரு குறை உண்டு; மறைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பந்தியில் ஒரே மாத்திரையோடு இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்து, ஒரு மணி நேரம் கழித்து ஐஸ்கிரீமும் சாப்பிட்டிருக்கிறார். வயிறு உப்பிக்கொண்டது, ஆனால் ஓட வேண்டியிருக்கவில்லை. "முழுசாக் கேக்காது போலயே," என்றார். கேட்காதுதான். பால் கூடினால் மாத்திரையும் கூட வேண்டும், நேரம் நீண்டால் இன்னொன்று வேண்டும், அப்படியும் சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நான் எந்த நாளும் அதை மந்திரம் என்று விற்கவில்லை.

மந்திரம் என்று விற்கத் தொடங்கியவர் முதலாளி. கண்டக்டர் நாலு பேரிடம் சொல்ல, கடைக்கு வயிற்று வலி என்று யார் வந்தாலும் இந்தப் பெட்டியை நோக்கிக் கை நீட்டினார். பால் குடித்தால் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிக்கும் குழந்தைக்காக ஒரு தாய் கேட்டபோது, முதலாளி கையிலிருந்து நானே பெட்டியை வாங்கிக்கொண்டேன். அது ஒவ்வாமை, அதற்கு இது உதவாது, பாலை நிறுத்திவிட்டு இன்றே டாக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

"வந்த கிராக்கிய வெரட்டுற," என்றார்.

"என் சர்டிபிகேட்டுதானே தொங்குது? அப்ப நான்தான் சொல்வேங்க."

 அவர் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டி நேற்று தீர்ந்தது. இன்னொன்று வேண்டுமா, யோசிப்போம் என்றார் இன்று காலை. அவர் யோசிக்கட்டும். மொத்த வியாபாரிக்கு நேற்று மாலையே நான் போன் செய்துவிட்டேன், சரக்கு நாளை பகல் வண்டியில் வருகிறது. அதற்கென்று எடுத்து வைத்த ஐம்பது காகித உறைகளிலும் எழுதி முடித்துவிட்டேன், முழு வாக்கியமாக, தமிழில்: பாலின் முதல் மடக்கோடு. கீழே என் கையெழுத்து.