குளியலறை முடியும் தேதி

ஓய்வு பெற்ற தட்டச்சாசிரியை அவர். பக்கவாதம் வந்த கணவர் மறுவாழ்வு இல்லத்தில் இருந்தார். சக்கர நாற்காலி நுழையும்படி குளியலறையை மாற்றினால்தான் அவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். சுவரை இடித்துப் போட்ட ஒப்பந்தக்காரரோ ஏழு வாரமாக இழுத்தடித்தார். போன் செய்தால், "நாளைக்கு ஆள் வந்துடும்மா" என்பார். கேட்டுக் கேட்டு ஆசிரியைக்குக் காது புளித்துவிட்டது.

பதினேழாம் தேதி காலை மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தார்.

"மூன்றாம் தேதி போனில், பத்தாம் தேதிக்குள் டைல்ஸ் முடியும் என்றீர்கள். பன்னிரண்டாம் தேதி நேரில் வந்து, பதினைந்தாம் தேதி பிளம்பர் வருவார் என்றீர்கள். இரண்டும் நடக்கவில்லை. இருபதுக்குள் குழாய் வேலையும், இருபத்தாறுக்குள் டைல்ஸும், முப்பதுக்குள் அகலக் கதவும் கைப்பிடிகளும் முடிய வேண்டும். நாளை மாலைக்குள் எழுத்தில் உறுதி செய்யுங்கள்."

கீழே, 'அவர் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது' என்று விரல்கள் தாமாகவே அடித்துவிட்டன. அதை அழித்துவிட்டு அனுப்பினார்.

உடனே போன் வந்தது. "என்னம்மா, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதிட்டீங்க?"

"சொன்னது நீங்கதானே? பதிலையும் எழுதியே அனுப்புங்க."

மறுநாள் மாலை பதில் வந்தது. கதவைத் தனியாகச் செய்யச் சொல்லியிருப்பதால் அது மட்டும் அடுத்த மாதம் இரண்டாம் தேதி வரும். மற்ற தேதிகளுக்குச் சம்மதம்.

கணவரை அழைத்தார். "ரெண்டாம் தேதி எல்லாம் முடிஞ்சிடுமாம். இந்தத் தடவ எழுதிக் குடுத்திருக்காங்க."

மறுமுனையில் கணவர் குழறலாக, "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

ஆசிரியை தேதியை மறுபடியும் சொன்னார்.